நான்கு மாதத்தில் எரிந்த மிக்சி மோட்டார்: கடை மறுத்த புகாரும் ஏற்றுக்கொண்ட புகாரும்

என் அக்கா கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய முதல் செய்தி இது:

"உங்கள் கடையில் வாங்கிய மிக்சி எரிந்துவிட்டது. காலையில் ஒரு மணி நேரமாக அரைத்துக்கொண்டிருந்தேன், திடீரென்று புகை வந்து நின்றுவிட்டது. வீடு முழுக்க நாற்றம். இப்படி மட்டமான பொருளை விற்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா? என் பணம் முழுவதையும் உடனே திருப்பித் தாருங்கள்."

ஐந்து நாள் கழித்து வந்த பதில் மூன்றே வரி. காயில் எரிந்திருக்கிறது, அளவுக்கு மீறி ஓட்டியதால் வந்த பழுது, உத்தரவாதத்தில் சேராது, புது மோட்டார் போட 85 வெள்ளி ஆகும். கூடவே ஒரு புகைப்படம். பிறகு அக்கா தொலைபேசியில் பேசியபோது, "வேண்டுமானால் இறக்குமதி செய்பவரைக் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா அழாத குறையாக என்னை அழைத்தாள். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் திருச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் நான். எரிந்த ஆர்மேச்சர்கள் எத்தனையோ என் கையால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் கடைக்காரரின் பதிலைவிட அந்தப் புகைப்படம்தான் என்னை அதிகம் இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை உட்லண்ட்ஸில் உள்ள அவள் வீட்டுக்குப் போனேன்.

முதலில் நடந்ததை வரிசைப்படுத்தினோம். மிக்சி 2024 மார்ச் 9 அன்று தேக்கா பக்கத்தில் ஒரு கடையில் 189 வெள்ளிக்கு வாங்கியது. 750 வாட், மூன்று ஜார். மோட்டாருக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் என்று அட்டையில் கடை முத்திரையுடன் இருக்கிறது. எரிந்தது ஜூலை 21, ஞாயிறு காலை. அதாவது நான்கு மாதமும் பன்னிரண்டு நாளும். இந்தக் கணக்கை நான் தாளில் எழுதி வட்டமிட்டேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

"ஒரு மணி நேரமாக அரைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே அக்கா, உண்மையிலேயே ஒரு மணி நேரம் ஓடியதா?" என்று கேட்டேன். "எங்கேடா, எட்டு மணிக்கு அடுப்படிக்குப் போனேன், ஒன்பது மணிக்குப் புகை வந்தது. அதைத்தான் சொன்னேன்" என்றாள். அடைக்கு ஊறவைத்த அரிசியும் பருப்பும். பெரிய ஜாரில் பாதியளவு போட்டு இரண்டு தடவை அரைத்து எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு, மூன்று நிமிடம். நடுவில் மாவை வழித்து, ஜாரைக் கழுவி, அடுத்ததைப் போடுவதற்குள் ஐந்து நிமிடமாவது இடைவெளி. மூன்றாவது தடவை போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சத்தம் மாறியது, அடியில் நெருப்புப்பொறி தெரிந்தது, புகை வந்தது. மோட்டார் உண்மையில் ஓடிய நேரம் மொத்தம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு.

கோபத்தில் எழுதும்போது நாம் துன்பத்தின் அளவைச் சொல்ல நேரத்தை நீட்டுகிறோம். அக்காவின் மனத்தில் அந்த ஒரு மணி நேரம் என்பது அவள் பட்ட பாடு. கடைக்காரருக்கோ அது வாக்குமூலம். இந்த மிக்சியின் கையேட்டில், தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் இரண்டு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் அரைத்ததாக வாங்கியவரே எழுதிக் கொடுத்த பிறகு, மறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டிய அவசியமே கடைக்கு இல்லை. அக்காவின் புகார் தோற்றது இந்த ஒரு வரியால்தான் என்பது என் உறுதியான கருத்து.

இனி அந்தப் புகைப்படம். மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். நடுவில் சுழலும் ஆர்மேச்சர். அதன் துளைகளில் செப்புக் கம்பிச் சுருள்கள். சுருள்களின் முனைகள் ஒரு பக்கத்தில் கம்யூட்டேட்டர் என்னும் செப்புப் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டைகளை இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டு மின்சாரம் தருகின்றன. வெளியே அசையாமல் நிற்கும் சுருள்கள் இரண்டு. செப்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அந்தப் பூச்சுதான் ஒரு சுற்றை அடுத்த சுற்றிலிருந்து பிரித்து வைக்கிறது. எரியும்போது வரும் அந்தக் காரமான நாற்றம் அதனுடையதுதான்.

அளவுக்கு மீறிய சுமையால் எரிந்த மோட்டாருக்கு ஒரு முகம் உண்டு. கெட்டியான மாவையோ காய்ந்த மஞ்சளையோ விடாமல் அரைத்தால் மோட்டார் வேகம் குறைந்து அதிக மின்சாரம் இழுக்கும். அந்த மின்சாரம் எல்லாச் சுருள்கள் வழியாகவும் போவதால் எல்லாமே சூடாகும். பிரித்துப் பார்த்தால் ஆர்மேச்சர் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கறுத்திருக்கும். வெளிச் சுருள்களும் பழுப்பேறியிருக்கும். கட்டியிருக்கும் நூலும் காகிதமும் பொடிந்து போயிருக்கும். இது ஒரே நிமிடத்தில் வருவதும் இல்லை. அதற்கு முன் பல நாள் லேசான வாடை அடித்திருக்கும், அடிப்பாகம் தொட முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும், மிக்சியின் அடியில் இருக்கும் சிவப்புப் பாதுகாப்பு பொத்தான் அடிக்கடி வெளியே வந்து நின்றிருக்கும்.

கடை அனுப்பிய படத்தில் அப்படி இல்லை. ஆர்மேச்சரில் ஒரு பக்கத்துச் சுருள் மட்டும் கரியாகி இருந்தது. அதற்கு அடுத்தடுத்த சுருள்கள் புதுச் செம்பின் நிறத்திலேயே இருந்தன. கம்யூட்டேட்டரிலும் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டில் மட்டும் கருந்தழும்பு. ஒரு சுருளுக்குள் பூச்சு ஏதோ ஓரிடத்தில் பழுதாகி இரண்டு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், அந்தச் சுருளுக்குள் மட்டும் மின்சாரம் சுழன்று அது தனியாக எரியும். பட்டறையில் நாங்கள் இதை 'உள்ஷார்ட்' என்போம். கம்பியைச் சுற்றும்போது பட்ட கீறலோ, துளையின் ஓரம் உரசியதோ இதற்குக் காரணமாக இருக்கும். புதிதில் தெரியாது, சில மாதம் சூடாகி ஆறிய பிறகு தெரியும்.

இங்கே நான் என்னையே கட்டுப்படுத்திக்கொண்டேன். படத்தைப் பார்த்து மட்டும் "இது தயாரிப்புக் குறைதான்" என்று சத்தியம் செய்ய முடியாது. ஜாரின் அடி புஷ் தேய்ந்து தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் எரியலாம். ஆகவே அக்காவிடம் இருந்த ஜார்களைப் பார்த்தேன். மூன்றிலும் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் கால் மணி நேரம் வைத்தேன், காகிதம் நனையவில்லை. பிளேடைக் கையால் சுற்றினேன், தடையில்லாமல் சுற்றியது. ஜாரின் அடியிலுள்ள கப்ளரின் பற்கள் சிதையவில்லை. ஜார் இறுகிப்போய் மோட்டாரைத் திணறடித்திருந்தால் பெரும்பாலும் இந்தப் பற்கள்தான் முதலில் தேயும். சிவப்புப் பொத்தானை ஒரு தடவையாவது அழுத்த நேர்ந்ததா என்று மூன்று விதமாகக் கேட்டேன். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எரிந்த அன்றும் அது வெளியே வரவில்லை.

கடையின் விளக்கத்தில் ஓட்டை விழுவது இங்கேதான். சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்காகவே அந்தப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். சுமை மீறித்தான் எரிந்தது என்றால் அது ஏன் துண்டிக்கவில்லை? அது வேலை செய்யவில்லை என்றால் அதுவே இன்னொரு குறை.

சட்டப் பக்கத்துக்கு வருகிறேன். வட்டமிட்ட கணக்கு அதற்காகத்தான். சிங்கப்பூரில் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் 'லெமன் சட்டம்' என்று மக்கள் சொல்லும் பகுதி நடப்பில் இருக்கிறது. பொருளைப் பெற்றுக்கொண்ட ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று சொல்லும் கடைதான் அதை நிரூபிக்க வேண்டும். நான்கு மாதம் பன்னிரண்டு நாள் என்பது இந்த எல்லைக்குள் வருகிறது. ஆறு மாதம் தாண்டியிருந்தால் நிரூபிக்கும் சுமை அக்காவின் தலையில் விழுந்திருக்கும். இரண்டு ஆண்டு உத்தரவாத அட்டை மட்டும் அதன் நிபந்தனைகளோடு கையில் நின்றிருக்கும்.

இதில் பலர் தவறவிடுவது இரண்டு. இந்தப் பொறுப்பு விற்ற கடைக்கு உரியது. இறக்குமதி செய்பவரிடமோ தயாரித்தவரிடமோ போகச் சொல்லிக் கடை கைகழுவ முடியாது. பணம் வாங்கியது கடை, ஒப்பந்தமும் கடையோடுதான். இன்னொன்று, சட்டம் முதலில் தருவது பழுதுபார்த்தல் அல்லது மாற்றித் தருதல். அதை நியாயமான காலத்துக்குள், பெரிய தொல்லை இல்லாமல் கடை செய்து தரவில்லை என்றால்தான் விலைக்குறைப்பு, பணத்தைத் திரும்பப் பெறுதல் என்ற அடுத்த படி. அக்கா முதல் செய்தியிலேயே முழுப் பணத்தையும் கேட்டதால், கடைக்கு "முடியாது" என்று சொல்வது எளிதாகிவிட்டது.

(ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மிக்சிகளுக்கு இது எதுவும் பொருந்தாது. இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான், ஓடுவதில் தொல்லை இல்லை. ஆனால் எரிந்தால் இங்கே கேட்பதற்கு ஒரு கடை இருக்காது. விலை வித்தியாசம் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

நாங்கள் உட்கார்ந்து எழுதிய இரண்டாவது செய்தியை அப்படியே தருகிறேன். பில் எண்ணையும் பெயரையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

"ஐயா, வணக்கம். உங்கள் கடையில் 9-3-2024 அன்று 189 வெள்ளிக்கு வாங்கிய 750 வாட் மிக்சி 21-7-2024 அன்று எரிந்துவிட்டது. வாங்கி நான்கு மாதம் பன்னிரண்டு நாள் ஆகிறது. பில், முத்திரையிட்ட உத்தரவாத அட்டை ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். 22-7-2024 திங்கட்கிழமை மிக்சியை உங்கள் கடையில் ஒப்படைத்தேன். அது இப்போதும் உங்களிடம் இருக்கிறது.

என் முதல் செய்தியில் ஒரு மணி நேரம் அரைத்ததாக எழுதியது தவறு. அது நான் சமையலறையில் இருந்த நேரம். மிக்சி ஓடியது மூன்று தடவை. முதல் இரண்டு தடவை தலா இரண்டு, மூன்று நிமிடம், இடையில் ஐந்து நிமிடம் ஓய்வு. மூன்றாவது தடவை ஒரு நிமிடத்துக்குள் புகை வந்தது. பெரிய ஜாரில் பாதியளவு ஊறிய அரிசியும் பருப்பும் தண்ணீரோடு அரைத்தேன். கையேட்டில் சொன்ன அளவுக்குள்தான் பயன்படுத்தினேன். வீட்டு உபயோகம் மட்டுமே.

அளவுக்கு மீறி ஓட்டியதால் எரிந்தது என்று 26-7-2024 அன்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஆர்மேச்சரின் ஒரு சுருளும் கம்யூட்டேட்டரின் இரண்டு பட்டைகளும் மட்டும் எரிந்திருக்கின்றன; மற்றவை நிறம் மாறாமல் இருக்கின்றன. பாதுகாப்புப் பொத்தான் அன்றும் அதற்கு முன்பும் ஒருமுறைகூடத் துண்டிக்கவில்லை. ஜார்கள் ஒழுகவில்லை, இறுகவும் இல்லை. பார்க்க விரும்பினால் கொண்டுவருகிறேன். சுமையால்தான் எரிந்தது என்று நீங்கள் கருதினால், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். அதுவரை எரிந்த மோட்டாரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஆறு மாதத்துக்குள் தெரிந்த குறை என்பதால் விற்பவர் என்ற முறையில் உங்களிடம் கேட்கிறேன்: கட்டணம் இல்லாமல் மோட்டாரை மாற்றித் தாருங்கள், அல்லது அதே வகை மிக்சியைத் தாருங்கள். 12-8-2024க்குள் முடித்துத் தந்தால் நன்றியோடு பெற்றுக்கொள்கிறேன். முடியாது என்றால் பயனீட்டாளர் சங்கத்திடமும் தேவைப்பட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்திடமும் போவேன்."

முதல் செய்தியின் பிழையை நாமே சொல்லித் திருத்த வேண்டுமா என்று அக்கா தயங்கினாள். நான் விடவில்லை. அந்தச் செய்தி கடைக்காரரின் கைபேசியில் இருக்கிறது. நாம் பேசாமல் விட்டால் அவர்தான் அதை எடுத்துக் காட்டுவார். மேலும், அவள் சொன்னதை நான் நம்பினேன். இருபது நிமிடம் மஞ்சள் அரைத்தேன் என்று அவள் சொல்லியிருந்தால், 85 வெள்ளியைக் கட்டச் சொல்லிவிட்டு வீடு திரும்பியிருப்பேன்.

மோட்டாரைத் தூக்கிப் போடாதீர்கள் என்ற வரியை அழுத்தி எழுதச் சொன்னதும் நான்தான். இந்த வழக்கில் இருந்த ஒரே பொருள் சாட்சி அதுதான். அதற்கு முன் ஒரு தவறு நடந்திருந்தது: மிக்சியை ஒப்படைத்தபோது அக்கா ரசீது எதுவும் வாங்கவில்லை. அதனால்தான் எந்த நாளில் கொடுத்தாள், இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைச் செய்தியிலேயே பதிவு செய்தோம். கடை அதை மறுக்காமல் பதில் எழுதினால் அதுவே ரசீதாகிவிடும். அக்கா செய்த நல்ல காரியம், புகை வந்ததும் மிக்சியைத் திருகிப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோனது. அத்தான் அன்றே ஸ்குரூடிரைவரை எடுத்திருந்தால், "நீங்கள் பிரித்துக் கெடுத்தீர்கள்" என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும்.

கடைசி வரியை ஒன்றோடு நிறுத்திக்கொண்டதற்கும் காரணம் உண்டு. நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளைக் கேட்கிறார்கள்; வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 189 வெள்ளிப் பொருளுக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. இதையெல்லாம் கடைக்காரர்கள் அறிந்தே இருக்கிறார்கள். விளக்கி எழுதினால் மிரட்டலாகத் தெரியும், பேச்சு அங்கேயே முறியும். தமிழில் அனுப்பிய செய்தியை அன்றே ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பிவைத்தோம், மன்றம் வரை போக நேர்ந்தால் உதவும் என்று.

திங்கட்கிழமை காலை அனுப்பினோம். புதன்கிழமை உரிமையாளரே அழைத்தார். குரலில் கடுமை இல்லை. "அம்மா, ஜாரையும் கொண்டுவாருங்கள், ஒருமுறை பார்த்துவிடுகிறேன்" என்றார். அக்கா மூன்று ஜார்களையும் பையில் போட்டுக் கொண்டுபோனாள். அவரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், பிளேடைச் சுற்றிப் பார்த்தார். எழுத்தில் எந்த விளக்கமும் அவர் தரவில்லை. தேசிய தினத்துக்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 8 அன்று, மோட்டாரோடு அடிப்பாகம் முழுவதையும் புதிதாக மாற்றித் தந்தார். காசு வாங்கவில்லை.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. புதிய மோட்டாருக்கு அன்றிலிருந்து இரண்டு ஆண்டு உத்தரவாதம் எழுதித் தரும்படி அக்கா கேட்டாள். பழைய அட்டைதான், 2026 மார்ச் வரைதான் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அட்டையின் நிபந்தனைகளும் அப்படித்தான் இருந்தன, ஆகவே அதற்கு மேல் வாதாடவில்லை. மாற்றித் தந்த தேதியைப் பழைய பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டுக் கொடுத்தார்.